கேட்காத கேள்விக்கு வந்த பதில்கள்

ஆய்வேடு முடிக்கப்போகும் மாணவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது "உனக்கு பெர்சன்டேஜ் எவ்வளவு வந்துச்சு?" என்றுதான். ஒப்புமைச் சதவீதம். ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றுகிறார்கள், எத்தனை வரி ஏற்கெனவே வேறெங்காவது இருக்கிறது என்று அது எண்ணிச் சொல்கிறது. பத்துக்குக் கீழே வந்துவிட்டால் கைடு கையெழுத்துப் போட்டுவிடுவார், பைண்டிங் கடைக்குப் போய்விடலாம். வந்த சான்றிதழை ஆய்வேட்டின் முன்பக்கத்திலேயே வைத்துத் தைக்கிறார்கள். நேர்மை பற்றி ஒரு மாணவரிடம் நாம் கேட்கும் ஒரே கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. இது எனக்குப் பல வருடங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். சமூகப்பணி, வணிகவியல், மேலாண்மை, கல்வியியல் என்று மற்றத் துறை மாணவர்கள் எல்லாம் கடைசி மாதத்தில் ஒரு பென்டிரைவோடு வருவார்கள். "சார், எஸ்பிஎஸ்எஸ்-ல போட்டு டேபிள் மட்டும் எடுத்துக் குடுங்க." அதனால் ஆய்வேட்டின் முதல் மூன்று அத்தியாயங்கள் என் கண்ணில் படுவதே இல்லை. நான் பார்ப்பது நான்காவது அத்தியாயம், அதாவது எண்கள் இருக்கும் இடம். ஒப்புமை மென்பொருளுக்கு அந்த அத்தியாயத்தில் வேலையே இல்லை. அடுத்தவருடைய பத்தியைத் திருடினால் அது பிடித்துவிடும். உட்கார்ந்த இடத்தில் எண்களைக் கற்பனை செய்து எழுதினால் உலகத்தில் வேறு எங்கேயும் அப்படி ஓர் அட்டவணை இருக்காது, ஒப்புமை சுழியம்தான் வரும். முழுக்க முழுக்கப் பொய்யான ஓர் ஆய்வேடு, இந்தக் கணக்கின்படி, முழுக்க முழுக்க சொந்தப் படைப்பு.

பத்துக்குக் கீழே

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளைத் துறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. பத்திலிருந்து நாற்பது வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதிலிருந்து அறுபது என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய படியையும் கொடுக்க முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் காட்டிச் சொன்னது, நூற்பட்டியல், பொதுச் சொற்கள், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொற்கள் வரையிலான தொடர் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் கணக்கு. விதி மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் ஓர் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, அப்படியே இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதற்கு ஒரு பயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் படிகள் எல்லாம் ஒப்புமையின் மேல் கட்டியவை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறி பற்றி ஒரு பாடத்தையும் கட்டாயமாக்கினார்கள், அதில் தரவைப் புனைவது, திரிப்பது, எழுத்தைத் திருடுவது மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. பாடத்தில் மூன்று, சான்றிதழில் ஒன்று. மென்பொருளால் எண்ண முடிந்தது குற்றமாயிற்று, எண்ண முடியாதது அவரவர் மனசாட்சியாயிற்று.

எண்ண முடிவதையும் ஏமாற்றலாம் என்பது வேறு விஷயம். சொற்களை மாற்றிப்போட்டுச் சதவீதத்தைக் குறைத்துக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன. தமிழில் எழுதும் ஆய்வேடுகளில் இன்னொரு கூத்து உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் "தமிழ்" என்ற சொல் கணினிக்கு `jkpo;` என்றுதான் தெரியும். அந்தக் கோப்பை அப்படியே ஏற்றினால், யூனிகோடில் இருக்கும் ஒரு கட்டுரையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருந்தாலும் மென்பொருள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. அப்படி எடுத்தவருக்கும் சான்றிதழ் கிடைக்கும். சரி, அது இருக்கட்டும். எழுத்துத் திருட்டாவது ஒரு நாள் பிடிபடும், மூலம் எங்கேயோ இருக்கிறது. புனைந்த எண்ணுக்கு மூலமே கிடையாது.

எல்லாருக்கும் மூன்று

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு முதுகலை மாணவி வந்தார். பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களின் பணித் திருப்தி, அதுதான் தலைப்பு. 150 பேர், 32 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் "முற்றிலும் மறுக்கிறேன்" என்ற 1-லிருந்து "முற்றிலும் ஏற்கிறேன்" என்ற 5 வரை. எக்செல் கோப்பு அவ்வளவு சுத்தம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எனக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. நிஜமான மனிதர்கள் நிரப்பிய படிவம் அப்படி இருக்காது. யாராவது ஒருவர் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருப்பார். ஒருவர் இரண்டு கட்டத்தில் டிக் அடித்திருப்பார். கடைசிப் பக்கம் வரும்போது பொறுமை போய், மேலிருந்து கீழ்வரை ஒரே பதிலை இழுத்துவிட்டிருப்பார். தரவு என்றால் அழுக்கு இருக்கும்.

சராசரிகளை எடுத்துப் பார்த்தேன். "சம்பளம் சரியான தேதியில் கிடைக்கிறது", 3.06. "ஓவர்டைம் செய்யும்படி வற்புறுத்துகிறார்கள்", 2.95. "கழிப்பறை சுத்தமாக இருக்கிறது", 3.11. "மேற்பார்வையாளர் மரியாதையாக நடத்துகிறார்", 3.02. எதைக் கேட்டாலும் அந்தப் பெண்கள் நடுவில் நின்றுகொண்டு பதில் சொல்லியிருந்தார்கள். சம்பளமும் கழிப்பறையும் மேற்பார்வையாளரும் ஒரே அளவு திருப்தி தரும் தொழிற்சாலை எங்கேயாவது இருந்தால் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இது எப்படி வரும் என்பது புள்ளியியல் படித்தவர்களுக்கு உடனே தெரியும். எக்செல்லில் ஒரு கட்டத்தில் இதை அடித்து, கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்துவிட்டால் போதும்:

```
=RANDBETWEEN(1,5)
```

ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏதோ ஓர் எண் விழும், ஐந்துக்கும் சமமான வாய்ப்பு. 150 பேரில் ஒவ்வொரு பதிலுக்கும் ஏறக்குறைய 30 பேர் கிடைப்பார்கள். சராசரி 3, பதில்கள் எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 1.41. அதை 150-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.115 வரும், ஒரு கூற்றின் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு அது; பெரும்பாலும் அதன் இரண்டு மடங்குக்குள் நின்றுவிடும். அதாவது 32 கூற்றுகளின் சராசரியும், ஒன்றிரண்டைத் தவிர, 2.77-க்கும் 3.23-க்கும் நடுவில் அடைந்துகிடக்கும். அவர் கொண்டுவந்த அட்டவணை சரியாக அந்தச் சந்துக்குள்தான் இருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். நல்ல கேள்விப் படிவத்தில் ஒரே விஷயத்தை நேராகவும் எதிராகவும் கேட்டு வைப்பார்கள். "இந்த வேலையில் தொடர விரும்புகிறேன்" என்று ஓரிடத்தில், "வேறு வேலை கிடைத்தால் போய்விடுவேன்" என்று வேறோர் இடத்தில். முதலாவதற்கு 5 போட்டவர் இரண்டாவதற்குப் பெரும்பாலும் 1 அல்லது 2 போடுவார். இங்கே ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. தொடர விரும்பும் பெண்ணே போய்விடவும் விரும்பினார். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கிரோன்பாக் ஆல்பா என்ற அளவை 0.7-க்கு மேல் இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவருடையது சுழியத்தை ஒட்டி இருந்தது. ஒரு மனிதர் உட்கார்ந்து பதில் சொன்னால் அந்த 32 பதில்களுக்கும் பின்னால் ஒரே வாழ்க்கை இருக்கும், அது எங்காவது வெளியே தெரிந்துவிடும். இந்தக் கோப்பில் 150 வரிசைகள் இருந்தன, ஆள் ஒருவர்கூட இல்லை.

கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்ததால், "படிவத்தை எல்லாம் நாளைக்குக் கொண்டு வாம்மா, ஒரு தடவை சரிபார்த்துடலாம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் இல்ல சார். கொஞ்சம்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தார். 23 படிவங்கள். அவர் சொன்ன கதையில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நிறுவனங்களில் உள்ளே விட மறுத்துவிட்டார்கள். வேலை முடிந்து வேன் ஏறுவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்களில் கேட்டுப்பார்த்திருக்கிறார், பெண்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். கடைசியில் தெரிந்த ஒரு அக்கா மூலமாக, அவர்கள் தங்கியிருந்த வாடகை வரிசை வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இவ்வளவு நிரப்பியிருக்கிறார். கைடிடம் போய்ச் சொன்னபோது "நூத்தம்பது இல்லாம எப்படிம்மா? டைட்டில் அப்ரூவல்லயே எழுதிக் குடுத்திருக்கோமே" என்று பதில் வந்திருக்கிறது. சீனியர் ஒருவர் அந்த எக்செல் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவருடைய சீனியர் சொல்லிக்கொடுத்தது.

நான் அந்த 23 படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மேற்பார்வையாளர் மரியாதையாக நடத்துகிறார் என்ற கூற்று இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட படிவங்களில் அந்த வரிசை காலியாக இருந்தது. அதற்கு மேலே டிக் இருக்கிறது, கீழே டிக் இருக்கிறது, அது மட்டும் இல்லை. ஒரு படிவத்தில் 2-இல் போட்ட டிக்கை அடித்துவிட்டு, அதன்மேல் பேனாவால் நன்றாகப் பூசி வைத்திருந்தார்கள். "இது ஏன் இப்படி?" என்று கேட்டேன். "அந்தக் கேள்வி வந்ததும் பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியப் பாப்பாங்க சார். அப்புறம், இது வேணாம், அடுத்தது கேளுன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

அந்த ஆய்வு முழுக்கத் தேடியது அந்தக் காலி வரிசையைத்தான் என்று எனக்குத் தோன்றியது. பணித் திருப்தி பற்றி அந்தப் பெண்கள் சொன்ன மிகத் தெளிவான பதில் அது. எக்செல் கோப்பில் அந்த இடத்தில் 3.02 இருந்தது. "மேற்பார்வையாளர் நடத்தை பற்றித் தொழிலாளர்கள் மிதமான திருப்தி கொண்டுள்ளனர்" என்று நான்காவது அத்தியாயத்தில் விளக்கமும் எழுதியாகிவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாணவர்

இப்படிச் செய்வது நம் ஊர் மாணவர்கள்தான், வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைப்பவர்களுக்கு மைக்கேல் லக்கூர் கதையைச் சொல்வேன். அவர் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் ஆய்வு மாணவர். 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. அதற்கப்புறம் அந்த ஊர்ப் பால்புதுமையர் அமைப்பு ஒன்று வீடு வீடாகப் போய், ஒருபால் திருமணத்தை எதிர்த்து வாக்களித்தவர்களோடு பொறுமையாக உட்கார்ந்து பேசிப்பார்த்தது. இப்படிப் பேசினால் மனம் மாறுகிறதா என்று அளந்து சொல்வதுதான் லக்கூரின் ஆய்வு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீன் இணை ஆசிரியர். கட்டுரை 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில் வந்தது. வாசலில் நடக்கும் ஒரு சின்ன உரையாடல் போதும், பேசுபவர் தானே ஒருபால் ஈர்ப்பினராக இருந்தால் அந்த மாற்றம் ஒன்பது மாதங்கள் வரை நிற்கிறது, மற்றவர்கள் பேசினால் கரைந்துவிடுகிறது என்றது அது. பத்திரிகைகள் கொண்டாடின. லக்கூருக்குப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேலையும் உறுதியானது.

அந்தத் தரவு பொய் என்று கண்டுபிடித்தவர்களும் அப்போது மாணவர்கள்தான். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா. இரண்டு பேரும் லக்கூரைப் பிடிக்கக் கிளம்பவில்லை. அவருடைய ஆய்வு பிடித்துப்போய், அதே முறையில் மயாமியில் தாங்களும் ஒன்று செய்ய நினைத்தார்கள். 2015 மே மாதம் முன்னோட்டம் போட்டுப் பார்த்தால், கருத்தாய்வில் சேரச் சம்மதித்தவர்கள் லக்கூருக்குக் கிடைத்ததைவிட ரொம்பக் குறைவு. நாம் ஏதோ தப்புச் செய்கிறோம் போல, அவர் எப்படிச் செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று, அவர் பயன்படுத்தியதாகச் சொல்லியிருந்த கருத்தாய்வு நிறுவனத்தைத் தொடர்பு கொண்டார்கள். அப்படி ஒரு திட்டம் எங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். நீங்கள் சொல்லும் பெயரில் இங்கே யாரும் வேலை பார்த்ததே இல்லை என்றும் சொன்னது.

அந்த பதில் வந்த நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். அதுவரை அவர்கள் சந்தேகப்பட்டது தங்கள் திறமையை. நேர்மையாக வேலை செய்யும் மாணவர் அப்படித்தான் நினைப்பார். இன்னொருவர் சுலபமாகச் சாதித்தது தனக்கு வரவில்லை என்றால், தன்னிடம்தான் கோளாறு. எங்கள் கல்லூரியிலும் கதவு கதவாகத் தட்டி 40 பேரிடம் கேட்டுவிட்டு, "சார், மத்தவங்க எல்லாம் எப்படி ரெண்டே வாரத்துல நூத்தம்பது முடிக்கறாங்க?" என்று கண்கலங்கிய பிள்ளைகள் உண்டு. பொய்த் தரவின் முதல் அடி இவர்கள் மேல்தான் விழுகிறது. பொய் சொன்னவர் அளவுகோலை உயர்த்திவிட்டுப் போய்விடுகிறார், உண்மையைச் செய்பவர் அதற்கு எட்டாமல் நிற்கிறார்.

அப்புறம் எண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் அரோனோவும் சேர்ந்துகொண்டார். ஒரு பிரிவினர் மேல் உங்களுக்கு எவ்வளவு நல்லெண்ணம் என்று 0-இலிருந்து 100 வரை சொல்லச் சொல்லும் உணர்வு வெப்பமானி என்று ஓர் அளவை உண்டு. மனிதர்களிடம் இதைக் கேட்டால் பதில்கள் கட்டி கட்டியாக விழும். ரொம்பப் பேர் 50 என்பார்கள், நிறையப் பேர் 100 என்பார்கள், 53 என்று யாரும் சொல்வதில்லை. லக்கூரின் முதல் சுற்றுத் தரவில் இந்தக் கட்டிகள் அழகாக இருந்தன. காரணம், அந்தப் பரவல் 2012-இல் நாடு முழுவதும் எடுத்த வேறொரு கருத்தாய்வின் பரவலோடு பிரித்தறிய முடியாதபடி ஒத்துப்போனது. லாஸ் ஏஞ்சலஸின் சில பகுதி மக்களும் அமெரிக்கா முழுவதும் உள்ள மக்களும் ஒரே மாதிரி பதில் சொல்ல வாய்ப்பில்லை. அடுத்த சுற்றுகளில் இன்னொரு விசித்திரம். அதே ஆட்களிடம் மறுபடி கேட்டபோது வந்த மாற்றங்கள் மணி வடிவ வளைவில் பிசிறில்லாமல் உட்கார்ந்திருந்தன. பழைய பதிலோடு கொஞ்சம் தற்செயல் எண்ணைக் கூட்டினால் அப்படி வரும். நிஜ மனிதரிடம் மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வராது. போன தடவை 90 என்றவர் இந்தத் தடவை தலைவலியோடு 50 என்பார், அவரைப்போல் சிலர் எப்போதும் இருப்பார்கள். இங்கே அப்படிப்பட்டவர்கள் இல்லை.

மே 19 அன்று மூவரும் அறிக்கையை வெளியிட்டார்கள். கிரீன் தானே கட்டுரையைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினார். மூலத் தரவைக் கேட்டபோது, பங்கேற்றவர்களின் ரகசியம் காக்க அழித்துவிட்டேன் என்றார் லக்கூர். பங்கேற்றவர்களுக்குக் கொடுத்ததாகச் சொன்ன பணத்தைப் பற்றியும், நிதி தந்ததாகப் போட்டிருந்த அமைப்புகளைப் பற்றியும் உண்மை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டார், ஆனால் முடிவுகள் சரிதான் என்று நின்றார். மே 28-இல், அவர் சம்மதமில்லாமலேயே, சயன்ஸ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிரின்ஸ்டன் வேலையும் போயிற்று.

கிரீன் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. தேர்ந்த ஆய்வாளர், தவறு தெரிந்ததும் தயங்கவில்லை. ஆனால் கட்டுரை வெளிவருவதற்கு முன் மூலத் தரவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பெயர் போடுகிறவர் தரவைத் தொடுவதில்லை என்ற வழக்கத்தில் கொலம்பியாவுக்கும் எங்கள் ஊர்க் கல்லூரிக்கும் தூரம் அதிகமில்லை. ப்ரூக்மன் இன்னொரு விஷயத்தைப் பின்னால் பேட்டிகளில் சொன்னார். அவருக்கு முதலிலிருந்தே லேசாகச் சந்தேகம் இருந்திருக்கிறது. வெளியே சொன்னால் உன் எதிர்காலத்துக்கு நல்லதில்லை என்று அக்கறையுள்ளவர்கள்தான் தடுத்திருக்கிறார்கள்.

தற்செயலாகச் சரியான பொய்

ப்ரூக்மனும் கல்லாவும் மயாமி ஆய்வை விட்டுவிடவில்லை. 501 வாக்காளர்கள், வீடு வீடாகப் பேசப்போன 56 பேர், வாசலில் பத்து நிமிட உரையாடல், இந்தத் தடவை திருநர் குறித்த வெறுப்பு பற்றி. 2016 ஏப்ரலில் அதே சயன்ஸ் இதழில் வந்தது. உரையாடல் வேலை செய்கிறது, மூன்று மாதம் கழித்தும் மாற்றம் நிற்கிறது.

இதைக் கேட்டதும் என் நண்பர் ஒருவர், "அப்ப லக்கூர் சொன்னதுதானேப்பா உண்மையாப் போச்சு" என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முடிவு சரியாக இருந்தால் வழியைப் பற்றி ஏன் கவலை? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லக்கூரின் கட்டுரையில், பேசுபவர் தானும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால்தான் மாற்றம் நிலைக்கும் என்று இருந்தது. மயாமியில் திருநர்கள் பேசியபோதும் மாற்றம் வந்தது, அல்லாதவர்கள் பேசியபோதும் வந்தது. யார் பேசுகிறார் என்பதைவிட எப்படிப் பேசுகிறார் என்பது முக்கியமாக இருந்தது. லக்கூரை நம்பிய ஓர் அமைப்பு என்ன செய்திருக்கும்? பாதித் தன்னார்வலர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். மீதிப் பேரை, தங்களை வெறுத்து வாக்களித்தவர்களின் வாசலுக்கு, நீங்கள் போனால்தான் நடக்கும் என்று தனியாக அனுப்பியிருக்கும். கற்பனை எண்ணை நம்பி நிஜ மனிதர்கள் வெயிலில் நடந்திருப்பார்கள்.

பொய்த் தரவு ஏன் தவறு என்று கேட்டால் அறிவியலின் மேல் நம்பிக்கை போய்விடும், பட்டத்தின் மதிப்புக் குறையும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அவை இரண்டாம் பட்சம். அந்த மாணவியின் கோப்பில் 127 பெண்கள் பேசாததைப் பேசியதாக எழுதியிருந்தது, பேச மறுத்த பெண்களின் மறுப்பும் அதில் மூழ்கிப்போனது. திருப்தியாக இருக்கிறாயா என்று ஒருவரிடம் கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே, மிதமாக இருக்கிறார் என்று அவர் சார்பில் கையெழுத்துப் போடுவது. எழுத்தைத் திருடினால் எழுதியவர் ஒரு நாள் வந்து இது என்னுடையது என்று சொல்ல வழியுண்டு. இங்கே வந்து கேட்க ஆள் கிடையாது. தன் பெயரில் ஒரு பதில் பதிவாகியிருக்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"எம்.ஏ. ப்ராஜெக்டை யார் சார் படிக்கப்போறாங்க?" என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். அடுத்த வருட மாணவர் படிக்கிறார். இரண்டாம் அத்தியாயத்துக்கு முந்தைய ஆய்வுகள் வேண்டுமே, நூலகத்துக்குப் போய் அதே அலமாரியிலிருந்து எடுத்து, "150 பெண்களிடம் நடத்திய ஆய்வில் மிதமான திருப்தி காணப்பட்டது" என்று எழுதுகிறார். ஒழுங்காக மேற்கோள் காட்டி, சொந்த வாக்கியத்தில் எழுதினால் ஒப்புமையிலும் சிக்காது. அப்படியே நான்கைந்து ஆய்வேடுகளில் ஏறிவிட்டால் அது அந்தத் தொழிலைப் பற்றிய பொது அறிவாகிவிடும். நலத்திட்டத்துக்கு முன்வரைவு எழுதும் தொண்டு நிறுவனத்துக்காரர் தேடும்போது அவர் கையில் கிடைப்பதும் அதுவே.

அந்த மாணவி என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். 23 பேரின் படிவத்தையும், அவர்களிடம் பேசியதில் குறித்துவைத்திருந்ததையும் வைத்து எழுதலாம் என்று நான் சொன்னேன். தலைப்பில் இருந்த எண்ணை மாற்றக் கைடு ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. துறைத்தலைவர் வரை போய், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மாற்றினோம். கை-வர்க்கச் சோதனை, டி-சோதனை எல்லாம் போயின. எந்தெந்தக் கூற்றை எத்தனை பேர் காலியாக விட்டார்கள் என்று ஓர் அட்டவணையும், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகள் பற்றிப் பன்னிரண்டு பக்கமும் வந்தன. உள்ளே விடாத நிறுவனங்களைப் பற்றியும் பெயர் சொல்லாமல் ஒரு பத்தி எழுதினார். வெளித்தேர்வாளர் சாம்பிள் சைஸ் போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போட்டார். அதே அறையில், அதே நாளில், 200 பேரிடம் கேட்டதாகச் சொன்ன இன்னொரு ஆய்வேட்டுக்கு அவர் கொடுத்தது அதிகம். அதன் அட்டவணையை நான் எட்டிப்பார்த்தேன். 25 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு கூற்றின் சராசரி 3.47 என்று போட்டிருந்தது. முழு எண்களாகப் பதில் சொன்ன 25 பேரின் சராசரி 3.44 ஆகலாம், 3.48 ஆகலாம், 3.47 ஆகவே முடியாது. கூட்டுத்தொகை 86 என்றால் முன்னது, 87 என்றால் பின்னது, நடுவில் எண் கிடையாது. தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம் என்பதால், படிவங்களைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், ஒப்புமை நாலு சதவீதம்தான் வந்திருக்கு" என்றார்கள்.

இப்போதெல்லாம் படிவக் கட்டு மேசைமேல் வந்தால்தான் நான் எக்செல்லைத் திறக்கிறேன். எந்தக் கட்டிலிருந்தாவது ஐந்து படிவத்தை உருவி, கோப்பில் அந்த வரிசை அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். பத்து நிமிட வேலை. என்னிடம் வரும் கூட்டம் நன்றாகவே குறைந்துவிட்டது, பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ப்ராஜெக்ட் சென்டரில் அப்படி எதுவும் கேட்பதில்லை.